பேய்க்குத்தான் கால் தரையில் படாது

மூணு மாசமா ராத்திரி பதினோரு மணிக்கு மேல உக்காந்து ஒரு சின்ன விளையாட்டு பண்ணிக்கிட்டு இருந்தேன். பகல்ல அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வேற யாருக்கோ கோடு எழுதிட்டு, ஓசூர் திரும்பி, சாப்பிட்டு, அப்புறம் நமக்காக எழுதுற கோடு. விளையாட்டு ரொம்ப சிம்பிள். ஒரு பையன் கிருஷ்ணகிரி கோட்டை மலை மாதிரி ஒரு மலையில ஏறணும். பாறையில வெட்டின படி, அடுக்கி வெச்ச கல்லு, சில இடத்துல வெறும் சரிவு. மேல போனா கோட்டைச் சுவர். அவ்வளவுதான்.

அக்கா டீச்சர். அவங்க கிளாஸ் பசங்க கிட்ட ஒரு சனிக்கிழமை காட்டினேன். முதல் நிமிஷம் எல்லாம் நல்லாத்தான் போச்சு. நடுவழியில ஒரு படியில பையனை நிறுத்தினேன். முன் வரிசையில ஒரு வாண்டு கேட்டுச்சு:

"அண்ணா, இவரு பேயா?"

மொத்த கிளாஸும் சிரிச்சுது. எனக்குப் புரியல. அக்காதான் ஸ்க்ரீனைக் கை காட்டினாங்க. பையனோட இடது கால் மேல் படியில இருக்கு. வலது கால் கீழ்ப் படிக்கு மேல, ஒரு ஜாண் உயரத்துல, அந்தரத்துல நிக்குது. பேய்க்குத்தானே கால் தரையில படாது? பாட்டி சொன்ன கதையெல்லாம் அந்த வாண்டுக்கும் சொல்லியிருக்காங்க போல :-)

இந்த விஷயத்துல எனக்கு ஒரு கருத்து இருக்கு. பலபேரு ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரியும். கால் தரையில ஒழுங்கா பதியணும்னா நாம பார்க்க வேண்டியது காலை இல்லை, இடுப்பை. நான் மூணு வாரம் காலையே பிடிச்சுத் தொங்கிட்டு, அப்புறம்தான் இதைக் கத்துக்கிட்டேன்.

முதல்ல ஏன் மிதக்குதுன்னு சொல்லிடறேன். விளையாட்டுக்குள்ள நம்ம பையனுக்கு உண்மையில காலே கிடையாது. மாத்திரை மாதிரி ஒரு உருளை இருக்கு, கேப்ஸ்யூல்னு சொல்லுவாங்க. தரையில மோதுறது, படி ஏறுறது எல்லாம் அந்த மாத்திரைதான். கையும் காலும் அதுக்கு மேல போட்ட சட்டை மாதிரி. நிக்கிற அனிமேஷனை யாரோ ஒருத்தர் சமதளத்துல நின்னு பதிவு பண்ணியிருப்பார், அதுல ரெண்டு பாதமும் ஒரே உயரம். மாத்திரை மேல் படியில உக்காந்தா ரெண்டு பாதமும் மேல் படி உயரத்துலதான் இருக்கும். கீழ்ப் படியில காலை வெக்கணும்னு அதுக்குத் தெரியாது.

இதுக்குத்தான் இன்வர்ஸ் கைனமேடிக்ஸ், சுருக்கமா ஐ.கே. சாதாரணமா இடுப்புல இவ்வளவு கோணம், முட்டியில இவ்வளவு கோணம்னு கொடுத்தா பாதம் எங்க வரும்னு கணக்கு வரும். இது தலைகீழ். பாதம் இங்க வரணும்னு நாம சொல்றோம், இடுப்பும் முட்டியும் எவ்வளவு மடங்கணும்னு அது கண்டுபிடிக்குது. காலுக்கு ரெண்டே எலும்புதான், தொடையும் கெண்டைக்காலும். அதனால பெரிய கணக்கும் இல்லை. பதினொண்ணாவதுல படிச்ச கொசைன் விதிதான்:

```
cos(K) = (a*a + b*b - d*d) / (2*a*b)
```

a தொடை நீளம், b கெண்டைக்கால் நீளம், d இடுப்பு மூட்டுல இருந்து கணுக்கால் வரைக்கும் உள்ள தூரம், K முட்டிக்கு உள்ள கோணம். முட்டி எந்தப் பக்கம் பார்க்கணும்னு மட்டும் தனியா சொல்லணும். இல்லேன்னா ஆளு கொக்கு மாதிரி முட்டியைப் பின்னாடி மடிச்சுட்டு நிப்பான்.

நான் என்ன பண்ணேன்னா, எல்லா டுடோரியல்லயும் சொல்ற மாதிரி ஒவ்வொரு பாதத்துக்கும் மேல இருந்து கீழ ஒரு கோடு விட்டேன். அது தரையில எங்க படுதோ அங்க பாதத்தை வைன்னு சொன்னேன். யூனிட்டில `OnAnimatorIK` எழுதி, அனிமேட்டர் லேயர்ல `IK Pass` டிக் பண்ணி, `SetIKPosition` கொடுத்தாச்சு. ஓட்டிப் பார்த்தா கால் கீழ நீளுது, விறைப்பா நிக்குது, ஆனா தரையைத் தொடல. அந்தரத்துலயேதான் இருக்கு. பேய் இப்போ கஞ்சி போட்ட பேய் ஆயிடுச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோடு தப்பா விழுதோன்னு பார்த்தேன். இல்லை, சரியாத்தான் கீழ்ப் படியில படுது. பையனோட சொந்த மாத்திரை மேலயே கோடு மோதுதோன்னு பார்த்தேன். (இது ரொம்ப சகஜமான தப்பு. கோடு தரையை மட்டும் பார்க்கிற மாதிரி `LayerMask` கொடுக்கணும்.) அதுவும் இல்லை. வெயிட் 1 இருக்கா, இருக்கு. மூணு வாரம் இப்படியே ஓடுச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை மாமா வீட்டுக்கு வந்திருந்தார். மாமா இங்க ஒரு பெரிய தொழிற்சாலையில வெல்டிங் ரோபோவோட பதினஞ்சு வருஷம் குப்பை கொட்டினவர். கையில டீச் பெண்டன்ட்டை வெச்சுக்கிட்டு, ரோபோ கையை ஒவ்வொரு புள்ளியா நகர்த்தி, "இங்க வா, இங்க சுடு, அங்க போ"ன்னு சொல்லிக் கொடுக்கிற வேலை. கம்ப்யூட்டர் கேம்னா அவருக்கு சீட்டுக்கட்டு மட்டும்தான். லேப்டாப்பைப் பத்து செகண்ட் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, இவனுக்குக் கால் எட்டலையே?"

"அதான் மாமா பிரச்சனை. பாதத்தை அங்க வைன்னுதான் சொல்றேன், வெக்க மாட்டேங்குது."

"எட்டாத இடத்துல எப்படிடா வெப்பான்? எங்க ரோபோவுக்கு எட்டாத பாயிண்ட் கொடுத்தா அலாரம் அடிச்சு நின்னுடும். உன்னுது அலாரம் கூட அடிக்காம சும்மா விறைச்சுக்கிட்டு நிக்குது. நாங்களா இருந்தா ரோபோவோட அடித்தளத்தையோ ஜாபையோ நகர்த்தி வெப்போம். கையை இழுத்துப் பார்த்துட்டு இருக்க மாட்டோம்."

ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன். ரோபோ கையும் நம்ம பையன் காலும் ஒரே கணக்கு. கைக்கு அடித்தளம் எதுவோ, காலுக்கு அது இடுப்பு. நான் இடுப்பைத் தொடவே இல்லை!

கணக்குப் போட்டுப் பார்த்தா வெக்கமா இருந்துச்சு. என் பையனுக்குத் தொடை 42 செ.மீ., கெண்டைக்கால் 41 செ.மீ. ரெண்டும் சேர்ந்து 83. கால் முழுசா நீட்டினாலும் அதுக்கு மேல எட்டாது. சும்மா நிக்கும்போது இடுப்பு மூட்டுல இருந்து கணுக்கால் வரைக்கும் 82 செ.மீ. அதாவது மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு சென்டிமீட்டர். கீழ்ப் படி 20 செ.மீ. கீழ இருக்கு. அப்போ 102 செ.மீ. நீளணும். 83 தான் இருக்கு. பாக்கி 19 செ.மீ. அந்தரம். அந்த வாண்டு பார்த்த பேய் இதுதான்.

இப்போ இடுப்பை 20 செ.மீ. இறக்குங்க. கீழ்க் காலுக்குத் தூரம் திரும்பவும் 82, சும்மா நிக்கிற மாதிரியே. மேல் காலுக்கு 62 ஆகுது. மேல இருக்கிற கொசைன் விதியில போட்டா முட்டிக்கோணம் சுமார் 97 டிகிரி. அதாவது மேல் கால் நல்லா மடங்கியிருக்கு, கீழ்க் கால் கிட்டத்தட்ட நேரா இருக்கு. நம்பிக்கை இல்லேன்னா இப்பவே எந்திரிச்சுப் போய் மாடிப்படியில ஒரு காலை மேல வெச்சு நின்னு பாருங்க. அதேதான். மேல் காலைத் தூக்கி மடக்கித்தான் நிக்கிறோம். கீழ்க் காலை யாரும் நீட்டிக்கிட்டு நிக்கறதில்லை.

கோடுன்னு பார்த்தா இவ்வளவுதான்:

```csharp
void OnAnimatorIK(int layer)
{
    var lp = animator.GetIKPosition(AvatarIKGoal.LeftFoot);
    var rp = animator.GetIKPosition(AvatarIKGoal.RightFoot);
    float l = GroundY(lp) - transform.position.y;
    float r = GroundY(rp) - transform.position.y;

    float want = Mathf.Min(l, r, 0f);
    drop = Mathf.Lerp(drop, want, 8f * Time.deltaTime);
    animator.bodyPosition += Vector3.up * drop;

    Place(AvatarIKGoal.LeftFoot,  lp + Vector3.up * l);
    Place(AvatarIKGoal.RightFoot, rp + Vector3.up * r);
}
```

`GroundY` கோடு விட்டுத் தரை உயரத்தைச் சொல்லும். `Place` வெயிட்டையும் இடத்தையும் கொடுக்கும். l, r ரெண்டுல எது ரொம்பக் கீழ இருக்கோ அந்த அளவுக்கு இடுப்பு இறங்குது. `Lerp` எதுக்குன்னா, இடுப்பு ஒரே ஃப்ரேம்ல தொபுக்கடீர்னு 20 செ.மீ. விழக் கூடாது. l, r ரெண்டையும் இதே மாதிரி மெதுவாக்கிக் கொடுத்தா இன்னும் நல்லது.

ஓட்டினேன். கால் படிஞ்சுது. மாமாவுக்கு ரெண்டாவது காபி கிடைச்சுது.

ஆனா கதை இங்க முடியல. கால் படிஞ்சதும் அடுத்த வியாதி ஆரம்பிச்சுது. பையன் மூச்சு விடும்போது உடம்பு லேசா மேலயும் கீழயும் போகும் இல்லையா, அப்போ கீழ்க் காலோட முட்டி வெடுக் வெடுக்குன்னு அடிச்சுக்குது. வாதம் வந்த மாதிரி.

மாமா இதையும் பார்த்துட்டுச் சிரிச்சார். "முழுசா நீட்டின கையில வேலை பார்க்காதேன்னு எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பாங்க. அங்க போனா ரோபோ கிறுக்குத்தனம் பண்ணும்."

ரோபோக்காரங்க இதுக்கு சிங்குலாரிட்டின்னு பேர் வெச்சிருக்காங்க. கணக்குல பார்த்தா பளிச்சுனு தெரியும். என் பையனோட காலுக்கு d 82 செ.மீ. இருக்கும்போது முட்டிக்கோணம் சுமார் 162 டிகிரி. d 83 ஆனா 180. ஒரு சென்டிமீட்டருக்கு 18 டிகிரி! அதுவே மடங்கின காலில் d 62-ல இருந்து 63 ஆனா வெறும் 2 டிகிரிதான் மாறுது. ஆக, கால் நேராக நேராக, இடுப்புல ஒரு நூல் அசைஞ்சாலும் முட்டி ஒரு முழம் அசையும்.

இது எனக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. 2002-ல கோவர், ஷ்ரைனர், க்ளைகர்னு மூணு பேர் இதைப் பத்தியே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்காங்க. மனுஷங்க நடக்கிறதைப் பதிவு பண்ணி உபயோகிக்கும்போது பாதம் தரையில வழுக்குது, அதைச் சரி பண்ணப் போனா முட்டி வெடுக்குனு அடிக்குது. அவங்க கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிச்சுது. கால் எட்டாத நேரத்துல எலும்போட நீளத்தையே கொஞ்சூண்டு மாத்திக்க விட்டுட்டாங்க. பார்க்கிறவன் கண்ணுக்கு எலும்பு லேசா நீண்டது தெரியாது, முட்டி வெடுக்குனா உடனே தெரியும். டாக்டர் கேட்டா அடிப்பார், ஆனா படம் சரியா இருக்கும்.

நான் அதைவிடச் சுலபமான வழியில போனேன். இடுப்பைத் தேவைக்கு மேல இன்னும் 2 செ.மீ. இறக்கினேன். இப்போ கீழ்க் காலுக்கு d 80, கோணம் 149. அங்க ஒரு சென்டிமீட்டர் அசைஞ்சா 6 டிகிரிக்குள்ளதான் மாறுது. முட்டி அடங்கிடுச்சு. யோசிச்சுப் பார்த்தா மேடு பள்ளத்துல நிக்கும்போது நாமளும் முட்டியைக் கொஞ்சம் தளர்த்தித்தானே நிக்கிறோம்?

சரி, நிக்கிறதுக்கு ஆச்சு. நடக்கிறதுக்கு?

இங்கதான் ஆர்வக்கோளாறுல நிறைய பேர் கெடுத்துக்கிறாங்க, நானும் கெடுத்துக்கிட்டேன். கோடு தரையில பட்ட இடத்துலயே பாதத்தை ஒட்ட வெச்சா, நடக்கும்போது பையன் காலையே தூக்க மாட்டான். சேத்துல நடக்கிற மாதிரி தேச்சுக்கிட்டே போவான். தூக்கின காலையும் நாம கீழ பிடிச்சு இழுக்கிறோமே! மேல இருக்கிற கோட்டை இன்னொரு தடவை பாருங்க. பாதத்தைத் தரை உயரத்துல *வை*ன்னு சொல்லலை. அனிமேஷன் எந்த உயரத்துல வெச்சிருக்கோ அதோட தரையோட ஏற்ற இறக்கத்தைக் *கூட்டு*ன்னுதான் சொல்லியிருக்கு. அனிமேஷன்ல கால் 10 செ.மீ. தூக்கியிருந்தா, படிக்கு மேலயும் அது 10 செ.மீ. தூக்கியேதான் இருக்கும். இந்த ஒரு ப்ளஸ்ஸுக்குத்தான் நான் அடிச்சு எழுதின மூணாவது வாரம் போச்சு.

அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. கோடு பாதத்துக்கு நேர் கீழ இருக்கிற தரையைத்தான் பார்க்கும். அடுத்த படியோட விளிம்பைத் தாண்டுற வரைக்கும் அதுக்குப் படி இருக்கிறதே தெரியாது, அதனால கால் விரல் படிக்குள்ள புகுந்து வெளிய வரும். நாம அப்படியா? ரெண்டு படி முன்னாடியே கண்ணு பார்த்துடுது. ரூன் ஸ்கோவ்போ யோஹான்சன்னு ஒருத்தர் 2009-ல இதைத்தான் ஆய்வேடா பண்ணினார். அனிமேஷனை முன்கூட்டியே அலசி, அடுத்த காலடி எங்க விழும்னு ஊகிச்சு, அங்க இருக்கிற தரையை முன்னாடியே பார்த்துப் பாதத்தோட பாதையை வளைக்கிறது. அருமையான வேலை. ஆனா என்னை மாதிரி ராத்திரி பதினோரு மணிப் பார்ட்டிக்கு அவ்வளவு வேண்டாம். நான் பண்ணது ரெண்டே விஷயம். குதிகாலுக்கு ஒண்ணு, விரலுக்கு ஒண்ணுன்னு பாதத்துக்கு ரெண்டு கோடு, அதுல எது உயரமோ அதை எடுத்துக்கிறது. அப்புறம் மாத்திரை ஏறுறதுக்குப் படிக்கு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்தளம். மாத்திரை அதுல வழவழன்னு ஏறும், உடம்பு குலுங்காது. பாதத்தோட கோடு மட்டும் உண்மையான கல்லைப் பார்க்கும். இந்த ரெண்டுக்கும் தனித்தனி லேயர் வேணும், மறந்துட்டா பாதமும் சாய்தளத்துல மிதக்கும். திரும்பப் பேய்.

இன்னொரு வரம்பும் சொல்லணும். இடுப்பை எவ்வளவு வேணும்னாலும் இறக்கலாமான்னா, கூடாது. 30 செ.மீ. வரைக்கும் மேல் முட்டி 78 டிகிரி பக்கம் வருது, தாங்கும். 45 செ.மீ. பாறையில நிறுத்தினேன், கோணம் 53. பையன் ஏதோ காலைக்கடனுக்கு உக்காந்த மாதிரி இருந்தான். ஹி ஹி. அந்த உயரத்துக்கெல்லாம் ஐ.கே. மருந்து இல்லை. கையை ஊன்றி ஏறுற மாதிரி தனி அனிமேஷன் வேணும், இல்லேன்னா அந்த இடத்துல நிக்கவே விடக் கூடாது. நான் 30-க்கு மேல போனா தரையையே பார்க்காதேன்னு விட்டுட்டேன். பாறை விளிம்புல நின்னு கீழ 3 மீட்டர் பள்ளத்துக்குக் காலை நீட்டப் பார்க்கிற கூத்தும் அதோட நின்னுச்சு.

ஆபீஸ்ல ஒரு நண்பன் கேட்டான், "எதுக்குடா இவ்வளவு? காலடியில புல்லை நட்டு மறைச்சுட்டுப் போ, யாரு பார்க்கப் போறா?" அவன் சொல்றதுல பாதி நியாயம். மேல இருந்து பார்க்கிற கேமரான்னா நானே இதைத் தொட மாட்டேன். கூட்டத்துல அம்பது பேர் நின்னா பக்கத்துல இருக்கிற ரெண்டு மூணு பேருக்கு மட்டும்தான் போடுவேன். வேகமா ஓடும்போதும் அணைச்சுடுவேன், அங்க பாதம் தரையில இருக்கிற நேரமே கம்மி. ஆனா ஒருத்தன் மலை ஏறுறான், கேமரா அவன் முதுகுக்குப் பின்னாடியே போகுது, மலையோ மொட்டைப் பாறை. புல்லுக்கு எங்க போறது? இந்த விளையாட்டுல அவனும் கல்லும்தான் இருக்காங்க. கல்லுல அவன் கால் படலைன்னா அவன் மலை ஏறவே இல்லைன்னுதானே அர்த்தம்?

ரெடிமேடா காசு கொடுத்து வாங்குற ஐ.கே. தொகுப்புகளும் இருக்கு, நல்லாவும் இருக்கு. என் கருத்து என்னன்னா, வாங்கினாலும் சரி, எழுதினாலும் சரி, முதல்ல அதுல இடுப்பு எங்க இறங்குதுன்னு தேடுங்க. அந்த ஒரு எண்ணை எவ்வளவு, எவ்வளவு வேகமா, எதுவரைக்கும்னு நீங்க உங்க மலைக்குத் தகுந்த மாதிரி வெக்கலைன்னா, உள்ள எவ்வளவு உசத்தியான கணக்கு இருந்தாலும் கால் ஒண்ணு மிதக்கும், இல்லை வெடவெடக்கும். கொசைன் விதி பாவம், அது என்னைக்குமே தப்பு பண்ணலை.

போன சனிக்கிழமை திரும்ப அதே கிளாஸுக்குப் போனேன். அதே படி, அதே இடம், பையனை நிறுத்தினேன். மேல் கால் மடங்கி, கீழ்க் கால் பதிஞ்சு, கம்பீரமா நின்னான். யாரும் சிரிக்கலை. அந்த வாண்டு மட்டும் ஸ்க்ரீன் பக்கத்துல வந்து பாதத்தையே உத்துப் பார்த்துச்சு. எனக்கு நெஞ்சு திக்குதிக்குனு அடிச்சுக்குது.

"அண்ணா, வெயில் அடிக்குதே, இவரு செருப்பே போடலையே. பாறை சுடாதா?"

அடுத்த வேலை வந்தாச்சு. செருப்பு போட்டா பாதத்துக்கும் தரைக்கும் நடுவுல ஒரு ரெண்டு சென்டிமீட்டர் கூடும் :-(